மெதுவான சமையலுக்கு மண்சட்டி ஏன் பொருந்துகிறது: ஒரு மண்பாண்டக் கலைஞரின் பதில்

கேள்வி: கையால் வனைந்த உங்கள் மண்சட்டிகள் நிதானமான அன்றாடச் சமையலுக்கு ஏற்றவை என்கிறீர்கள். ஏன்? எவர்சில்வர் பாத்திரத்தில் தீயைக் குறைத்து வைத்தால் அதே பலன் வராதா? விரிசல் விடாமல் எப்படிப் பயன்படுத்துவது, எத்தனை நாள் தாங்கும்?

எவர்சில்வரில் தீயைக் குறைத்து வைத்தாலும் உணவு நன்றாகவே வேகும். அதை மறுத்துச் சட்டி விற்க எனக்கு விருப்பமில்லை. மண்சட்டியில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுதான்: வெளியே தீ ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே இருக்கும் உணவுக்கு அது உடனே எட்டாது. சட்டியின் சுவரே நடுவில் நின்று வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. அடுப்பை அடிக்கடி எட்டிப் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டிய எதற்கும் இந்தத் தாமதம் பெரிய வசதி. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்றால் இதே தாமதம் தொல்லை. மண்சட்டியின் மற்ற எல்லாக் குணங்களும், அது கேட்கும் கவனிப்பும்கூட, இங்கிருந்துதான் வருகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அலுமினியம் சுட்ட மண்ணைவிடச் சுமார் 200 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். எவர்சில்வர் உலோகங்களில் மந்தமானதுதான், ஆனாலும் மண்ணைவிடப் பதினைந்து மடங்கு போலக் கடத்தும். அதோடு அந்தத் தகடு மெல்லியது. என் சட்டிகளின் அடி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிமன். அடியில் 16 சென்டிமீட்டர் அகல வட்டத்தில் தீ படுகிறது, சிறுதீயில் சுமார் 300 வாட் வெப்பம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்போது, அந்த அளவு வெப்பம் 8 மில்லிமீட்டர் மண்ணைக் கடந்து வர, அடியின் வெளிப்புறம் சுமார் 220 டிகிரியில் இருந்தாக வேண்டும். அதே வெப்பம் மெல்லிய உலோகத் தகட்டைக் கடக்க, உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும்.

அந்த 120 டிகிரி வித்தியாசத்தால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. அடுப்பை அணைத்ததும் உலோகப் பாத்திரத்தில் கொதி உடனே அடங்கிவிடும். மண்சட்டியில் அடங்காது, ஏனென்றால் அடிச்சுவருக்குள் 100 டிகிரிக்கு மேல் ஏறிய வெப்பம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது உள்ளே வந்து தீரும்வரை குமிழ் எழும்பிக்கொண்டே இருக்கும். மண்சட்டியை முதல்முறை பயன்படுத்துகிறவர்கள், அணைத்த பிறகும் கொதிக்கிறதே என்று ஆச்சரியப்படுவது இதைப் பார்த்துத்தான். மண்ணுக்கு ஏதோ தனிச் சக்தி இருந்து வெப்பத்தைச் சேமிக்கிறது என்பதல்ல; ஒரு கிலோ தண்ணீர் பிடித்துவைக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ சுட்ட மண் பிடித்துவைக்கும். சுவர் தடிமனாக இருப்பதும் வெளிப்புறம் மிகச் சூடாக இருப்பதும்தான் காரணம்.

இரண்டாவது விஷயம் எச்சரிக்கையானது. அதே சட்டியின் அடியில் பெருந்தீயை வைத்து 1000 வாட் உள்ளே தள்ளப் பார்த்தால், அதே கணக்குப்படி 400 டிகிரி வித்தியாசம் வேண்டும். வெளிப்புறம் அவ்வளவு சூடாகி விரியப் பார்க்கும், உள்புறம் தண்ணீரோடு ஒட்டி 100 டிகிரியிலேயே நிற்கும். ஒரே சுவரின் ஒரு பக்கம் நீளப் பார்க்கிறது, இன்னொரு பக்கம் விடமாட்டேன் என்கிறது. விரிசல் அங்கே பிறக்கிறது. பெருந்தீ வைத்தால் சமையல் வேகமாக முடியும் என்பதும் மண்சட்டிக்குப் பொருந்தாது. சுவர் விடுகிற வேகத்தில்தான் வெப்பம் உள்ளே வரும். மிச்சமெல்லாம் பக்கவாட்டில் வீணாகப் போய்க் கைப்பிடியைச் சுடும்.

இத்தனை இழுபறியைத் தாங்கும் சட்டியை எப்படிச் செய்வது என்பதுதான் எங்கள் தொழிலில் முக்கியமான கேள்வி. வெறும் நைஸான களிமண்ணில் வனைந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தீயில் நிற்காது. நான் சமையல் சட்டிக்கான மண்ணில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரடான பொருள் சேர்க்கிறேன்: சலித்த மணலும், உடைந்த பழைய சட்டிகளை இடித்த பொடியும். பெரும்பாலான பரல்கள் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. சூளையில் வெந்து ஆறும்போது மண்ணும் மணலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் ஒவ்வொரு பரலைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுகிறது. சட்டியில் எங்காவது நுண்கீறல் கிளம்பினால், கொஞ்ச தூரம் ஓடி இப்படி ஒரு இடைவெளியில் முட்டி அதன் வேகம் அங்கே தீர்ந்துவிடும். நைஸான மண்ணில் கீறலைத் தடுக்க ஒன்றுமில்லை. ஒரு முனையில் ஆரம்பித்தது மறுமுனைவரை போய்விடும். அதனால் நல்ல சமையல் சட்டி எப்போதுமே நுண்கீறல்கள் நிறைந்த சட்டிதான். அவை நீளாமல் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

சூளையின் சூட்டையும் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். நன்றாகச் சுட்டால் கெட்டியாகும், கெட்டியானால் நீடிக்கும் என்று தோன்றும். தட்டுக்கும் கோப்பைக்கும் அது உண்மை. அடுப்பில் வைக்கும் சட்டிக்கு அப்படியே தலைகீழ். நான் 900 முதல் 950 டிகிரி வரைதான் ஏற்றுகிறேன். களிமண்ணுக்குள் ரசாயனமாகப் பிணைந்திருக்கும் நீர் 600 டிகிரியை ஒட்டி வெளியேறிவிடும். அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மறுபடி சேறாகாது. 900க்கு மேல் பரல்களுக்கு நடுவே ஓரளவு ஒட்டு ஏற்படுகிறது. அதோடு நிறுத்தினால் சுவர் நுண்துளையோடும் நெகிழ்வோடும் இருக்கும். 1250 டிகிரி போலச் சுடும் ஸ்டோன்வேரில் மண் உருகிக் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. கீறல் முட்டி நிற்க இடம் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணில் உள்ள சிலிக்காவின் ஒரு பகுதி அந்த உயர்ந்த சூட்டில் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறலாம். இது ஏறக்குறைய 226 டிகிரியைத் தாண்டும்போது திடீரென்று பருமனில் மாறும். சிறுதீயிலேயே சட்டியின் அடி 220 டிகிரியை எட்டும் என்று மேலே பார்த்தோம். சாதாரண ஸ்டோன்வேர் பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைத்தால் அது ஏன் பிளக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓவனுக்குச் சரி என்று எழுதியிருந்தால் தீயிலும் வைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓவனில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடேறுகிறது, தீயில் அடி மட்டும் ஏறுகிறது.

சரி, கையால் வனைவதில் என்ன வந்தது? அச்சில் ஊற்றிச் செய்கிற சட்டி அளவில் துல்லியமாகவே இருக்கும், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அச்சில் ஊற்ற மண்ணைக் கூழாகக் கரைக்க வேண்டும். கூழில் கரடான மணல் மிதக்காது, அடியில் தங்கிவிடும். அதனால் ஊற்றுகிற மண் பெரும்பாலும் நைஸாகவே இருக்கும். சக்கரத்தில் வைத்து இழுக்கும்போது உள்ளங்கை தேயும், ஆனால் பரல் மண்ணையும் இழுத்துவிடலாம். அப்புறம் அடி. சக்கரத்திலிருந்து வரும் சட்டிக்கு அடி தட்டையாகவும் தடித்தும் இருக்கும். ஒரு நாள் போல நிழலில் ஆறி, விரலால் அழுத்தினால் தடம் பதியும், ஆனால் வளையாது என்கிற பதத்துக்கு வந்ததும், உள்ளே ஒரு வழவழப்பான கல்லை ஏந்திக்கொண்டு வெளியிலிருந்து மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை உருண்டையாக்குகிறேன். இதில் அடிச்சுவர் மெலிந்து பக்கச்சுவரின் கனத்துக்கு வருகிறது, மண்ணும் இறுகுகிறது. சுவருக்கும் அடிக்கும் இடையே மூலை இல்லாமல் போகிறது. தட்டையடிச் சட்டியில் விரிசல் பெரும்பாலும் அந்த மூலையை ஒட்டித்தான் ஓடும். அடுப்பின் மேல் ஆடாமல் நிற்பதற்காக நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு லேசாகத் தட்டையாக்கி விடுகிறேன். வயிறு வெளியே வளைந்திருப்பதால் தீயின் சூடு பக்கங்களையும் தடவிக்கொண்டு மேலே போகிறது. வாய் குறுகியிருப்பதால் நீர் வற்றுவதும் குறைவு.

மெருகுப் பூச்சு எதுவும் நான் போடுவதில்லை. ஈரப்பதத்தில் வழவழப்பான கல்லால் உள்சுவரைத் தேய்த்துத் துளைகளைக் கொஞ்சம் அடைக்கிறேன், அவ்வளவுதான். எனவே இது தண்ணீர் குடிக்கும் சட்டி. இரண்டு கிலோ எடையுள்ள சட்டி ஊறினால் 200 முதல் 300 கிராம் வரை நீரை இழுத்துக்கொள்ளும். புதுச் சட்டியில் தண்ணீர் வைத்துச் சிறுதீயில் ஏற்றினால் வேடிக்கையாக ஒன்று நடக்கும்: நெடுநேரம் ஆகியும் கொதி வராது. உள்ளிருக்கும் நீர் சுவர் வழியாகக் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகி, ஏறுகிற சூட்டைத் திருடிக்கொண்டே இருக்கிறது. கோடையில் தண்ணீரைக் குளிரவைக்கும் பானையில் நடப்பதும் இதுவேதான், அங்கே அது வேண்டும், இங்கே வேண்டாம். அதனால்தான் சட்டியைப் பழக்க வேண்டும் என்கிறோம்.

பழக்குவதில் சடங்கு ஒன்றும் இல்லை, துளையை அடைக்கிற வேலைதான். முதலில் சட்டி முழுக்க மூழ்கும்படி தண்ணீரில் ஒரு இரவு ஊறவையுங்கள். சூளைப் பொடியும் சாம்பலும் வெளியே வரும். எடுத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு முழு நாள் காற்றாட உலரவிடுங்கள். பிறகு முக்கால் சட்டி தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் அரிசிமாவோ வேறு ஏதேனும் மாவோ கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, மிகச் சிறிய தீயில் வையுங்கள். மாவு அடியில் தங்காதபடி மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் மெல்லக் கொதிக்க ஆரம்பிக்கும். இன்னும் அரை மணி நேரம் விட்டு அணைத்து, சட்டி தானாக ஆறும்வரை அப்படியே வையுங்கள். மாவுச்சத்து சூட்டில் கூழாகித் துளைக்குள் போய் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் ஈரத் திட்டு தெரிந்தால் இதை இன்னொரு முறை செய்யலாம். அதன் பிறகு சமைக்கச் சமைக்க எண்ணெயும் மாவும் சேர்ந்து மிச்சத்தை அடைக்கும். எண்ணெய் மட்டும் தடவி வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது என்பதைவிட, கசிவு குறையும், ஆனால் துளைக்குள் தங்கிய எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். நான் மாவையே சொல்வேன்.

இப்போது ஒரு சமையலை முழுதாகப் பார்ப்போம். கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் அவசரம் உடனே வெளியே தெரிந்துவிடும்: தோல் உரிந்து மிதக்கும், நடுப்பகுதி மாவாகவே இருக்கும்.

மூன்று லிட்டர் சட்டிக்கு 250 கிராம் கடலை. முந்தைய இரவு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை ஸ்பூன் உப்பு போட்டு, வேறு பாத்திரத்தில் ஊறவையுங்கள். உப்பு போட்டால் வேகாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் ஊறும் நீரில் இருக்கும் உப்பு தோலை இளக்குகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பும், கால்சியம் நிறைந்த கடின நீரும்தான். காலையில் ஊறிய நீரை வடித்துவிட்டு, கடலையைச் சட்டியில் போட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டி அறைச் சூட்டில் இருக்கிறது, தண்ணீரும் அப்படியே இருக்கட்டும். சட்டியின் வெளிப்புறத்தில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

முதல் ஐந்து முதல் ஏழு நிமிடம் மிகச் சிறிய தீ. வயிற்றுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் கையில் நன்றாகச் சூடு தெரிந்ததும், நடுத்தரத் தீக்குப் போகலாம். தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக் கூடாது. கொதி வர இருபத்தைந்து நிமிடம்வரை ஆகலாம். இங்கே பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறவர்கள்தான் சட்டி விரிசல்விட்டது என்று திரும்ப வருகிறார்கள். தளதளவென்று கொதிக்கும்போது நுரையை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் அந்தக் கொதியிலேயே விடுங்கள். பிறகு தீயை அடுப்பு அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். இறக்கியதும் கொதி அடங்காது. சுவரில் ஏறிய சூடு இறங்கச் சில நிமிடம் ஆகும், அதைப் பார்த்து அணைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும் நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் நீர் ஏறக்குறைய 90 முதல் 95 டிகிரியில் இருக்கும். கடலையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு அது போதும், ஒன்றோடொன்று முட்டித் தோல் கிழியும் அளவுக்குக் கொந்தளிப்பும் இருக்காது. மூடியைச் சற்று விலக்கி வையுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து முதல் முறையாகப் பாருங்கள். கடலையை விட நீர் ஒரு விரல் உயரம் மேலே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கொதிநீரைச் சேருங்கள். குளிர்ந்த நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்; நீர்மட்டத்துக்கு மேலே சூடாக இருக்கும் காய்ந்த உள்சுவரில் அது படுகிற இடம்தான் அடுத்த விரிசல். ஒன்றேகால் மணி நேரம் தாண்டியதிலிருந்து ஐந்தாறு கடலையாக எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். ஒன்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பழைய கடலையும் புதியதும் கலந்திருந்தால் ஒன்று வெந்து ஒன்று வேகாமல் இருக்கும். எல்லாமே நசுங்குகின்றன, ஆனால் நடுவில் லேசான பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்கிற நேரத்தில் அணைத்துவிடுங்கள். உலோகப் பாத்திரத்தில் இந்த இடத்தில் அணைத்தால் அரைவேக்காடாக நிற்கலாம். சட்டியில் மூடி அரை மணி நேரம் விட்டால் மிச்சம் இருக்கிற சூட்டிலேயே முடிந்துவிடும். தக்காளி, எலுமிச்சை, வினிகர் என்று புளிப்பு எது சேர்ப்பதாக இருந்தாலும் இதற்குப் பிறகுதான்.

இறக்கும்போது சட்டியைக் குளிர்ந்த கல் மேடையிலோ ஈரத் துணியிலோ வைக்காமல் மரப்பலகையிலோ மடித்த காய்ந்த துணியிலோ வையுங்கள்.

இதே முறையை அப்படியே ராஜ்மாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். 100 டிகிரியில் நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி போலச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மண்சட்டியின் பலமான சிறுசூடு இங்கே பலவீனம். ராஜ்மாவை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே தீயைக் குறையுங்கள். சட்டி பழகாமல் கசிந்துகொண்டிருந்தால் அந்தக் கொதியே வராது என்பதால், புதுச் சட்டியில் ராஜ்மா வேண்டவே வேண்டாம்.

வறுப்பது, எண்ணெயில் பொரிப்பது, இறைச்சியைச் சுள்ளென்று சிவக்கவைப்பது இவற்றுக்கெல்லாம் இந்தச் சட்டியை நான் தருவதில்லை. காலிச் சட்டியில் சூட்டை இழுத்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லாததால், தீ படும் இடம் மட்டும் தனியாகக் காய்ந்து எகிறிவிடும். வெங்காயத்தை எண்ணெயில் சிறுதீயில் நிதானமாக வதக்கலாம், தடையில்லை. இண்டக்ஷன் அடுப்பு உலோகத்தைத்தான் சூடாக்கும் என்பதால் மண்ணுக்கு ஆகாது. மின்சுருள் அடுப்பிலும் கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பிலும் இடையே ஒரு இரும்புத் தகடு வைத்தால் சூடு பரவி வரும். எரிவாயு அடுப்பின் தீ ஒரே வளையமாகக் கூர்ந்து படுகிறது என்று தோன்றினாலும் அந்தத் தகடு உதவும்.

கழுவும்போது சோப்பு வேண்டாம், துளைக்குள் போய் அடுத்த சமையலில் வெளியே வரும். சட்டி நன்றாக ஆறிய பிறகு வெந்நீரும் நார்த் தேய்ப்பானும் போதும். அடிப்பிடித்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றி ஒரு இரவு விடுங்கள். அதைவிட முக்கியம் உலர்த்துவது. கவிழ்த்து மூடிவைக்காமல், வாய் மேலே பார்க்க, மூடியில்லாமல் ஒரு நாள் விடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும் சட்டியை நேராகத் தீயில் வைத்தால் சுவருக்குள் நீராவி உண்டாகி மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும்.

வெளிப்புறத்தில் வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் பலரும் பூஞ்சை என்று பயந்து சட்டியையே தூக்கி எறிகிறார்கள். கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். நறநறவென்று இருந்து, தண்ணீர் பட்டால் கரைந்தால் அது உப்பு. கசிந்த நீர் ஆவியாகும்போது விட்டுப்போனது. பஞ்சுபோல இருந்து மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை. பூஞ்சையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணீர் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் போய்விடும். எனக்குக் கவலை உப்பைப் பற்றித்தான். உப்பும் புளிப்பும் நிறைந்த உணவை மண்சட்டியிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால், துளைக்குள் போன உப்பு உலர்ந்து படிகமாகி வளரும்போது சுவரை உள்ளிருந்து நெம்பும். மேல்பரப்பு பொடியாக உதிர ஆரம்பிப்பது அதன் அடையாளம். சமைத்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், அதுதான் வழி.

சட்டியின் மேல் சொல்லப்படும் சில பெருமைகளை நான் சொல்லிக்கொள்வதில்லை. மண்ணின் தாதுக்கள் உணவில் இறங்கி உடம்புக்குச் சத்தாகிறது, மண் காரத்தன்மை உடையது, அதனால் புளிப்பைச் சமன்செய்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். 900 டிகிரியில் சுட்ட மண் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. கரையும் என்றால் கவலைப்பட வேண்டியதுதான், ஏனென்றால் நல்லது மட்டும் தேர்ந்து கரையாது. அந்தக் கவலை நிஜமாவது மெருகுப் பூச்சில். குறைந்த சூட்டில் பளபளப்பு வரவைக்க ஈயம் கலந்த பூச்சு நெடுங்காலமாக உலகம் முழுதும் பயன்பட்டு வந்திருக்கிறது. புளிப்பான உணவு அதில் நீண்ட நேரம் வெந்தால் ஈயம் இறங்கும். சட்டி உள்ளே கண்ணாடிபோல மின்னினால், பூச்சில் ஈயம் இல்லை என்று செய்தவர் சோதனைச் சான்றோடு சொன்னால் மட்டும் வாங்குங்கள். பூச்சில்லாத சட்டியிலும் ஏமாற்று உண்டு, கறுப்பு நிறத்துக்காகச் சாயமோ பாலிஷோ தடவுவார்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டக் கூடாது. சூளையில் புகையடைத்துக் கறுப்பாக்கிய சட்டியில் தொடக்கத்தில் கொஞ்சம் கரித்தூள் வரும், ஒரு முறை கழுவினால் நின்றுவிடும். சாயம் நிற்காது.

வாங்கும்போது சட்டியை உள்ளங்கையில் ஏந்தி விரல்முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் முழுச் சட்டி. மொத்தென்று செத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். சட்டி ஈரமாக இருந்தாலும் ஒலி மந்தமாகத்தான் வரும், காய்ந்த சட்டியைத் தட்டுங்கள். அப்புறம் சுவரில் காசளவு சில்லு பெயர்ந்து, குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணில் கிடந்த சுண்ணாம்புக் கல் சூளையில் வெந்து, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்துப் பருத்து வெடித்த இடம் அது. ஒன்றிருந்தால் இன்னும் பல இருக்கும், வாரங்கள் கழித்துக்கூட வெடிக்கும். அதைத் தள்ளுபடி விலையில்கூட எடுக்காதீர்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டீர்கள். கீழே போடாதவரை, சூட்டு அதிர்ச்சி கொடுக்காதவரை பல வருடங்கள் உழைக்கும். நான் நாள் சொல்வதைவிட நீங்களே சட்டியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது; மாதம் ஒருமுறை, காய்ந்திருக்கும்போது தட்டிப் பாருங்கள். ஒலி மந்தமாகிவிட்டதென்றால் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் வையுங்கள். பொதுவாக ஈரம் ஊறினால் பரவாயில்லை, ஒரு கோடாக ஈரம் தெரிந்தால் அதுதான் விரிசல். விளிம்பிலிருந்து இரண்டு விரல் நீளம் இறங்கிய மயிரிழை விரிசல் உள்ள சட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். மறுபடி மாவு நீர் காய்ச்சினால் கசிவு நிற்கும், அந்தக் கோட்டின் நுனியில் பென்சிலால் குறி வைத்து நீளுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் விழுந்த விரிசலுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கேதான் சூட்டின் இழுபறி அதிகம், கொதிக்கும் உணவோடு அடி கழன்று விழுந்தால் காலில் கொட்டும். அந்தச் சட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். செடி வைக்கலாம், அல்லது என்னிடம் கொடுத்துவிடுங்கள், இடித்து அடுத்த மண்ணில் கலந்துகொள்கிறேன்.